பேசித் தேடுபவருக்கு எதை எழுதி வைப்பது? ஒரு மோட்டார் காயில் கடையை வைத்து ஓர் ஒப்பீடு

பாளையங்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டு மோட்டார், போர் மோட்டார், தோட்டத்து மூணு பேஸ் மோட்டார் எல்லாம் அங்கே வரும். கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழில் பேசித் தேடும் வசதியைக் கொண்டுவந்தது. அதிலிருந்து, டைப் அடிக்கச் சிரமப்படும் பெரியவர்கள்கூட மைக் பொத்தானை அழுத்தி, "பக்கத்துல மோட்டார் ரிப்பேர் பண்ற கடை எங்க இருக்கு" என்று கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு நம் கடை பதிலாக வர வேண்டும் என்றால் எதை எழுதி வைப்பது? கடையின் இணையப் பக்கத்தில் கேள்வி வடிவிலேயே தலைப்பு வைத்து, கீழே பேச்சு நடையில் சின்னப் பதில் எழுதச் சொல்கிறார்கள். சரி, எந்தக் கேள்விக்கு? எந்தத் தமிழில்? பதில் எவ்வளவு நீளம்? ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வழிகள் உண்டு. சின்னக் கடைகளுக்குப் பக்கம் எழுதிக் கொடுக்கிறவன் என்ற முறையில், எதை எடுப்பேன், எதை விடுவேன் என்று சொல்கிறேன்.

'எங்க இருக்கு' என்பதற்குப் பக்கம் எழுதுவதா, வரைபடப் பதிவா?

இந்த முடிவை முதலில் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் பாதி உழைப்பு இங்கேதான் வீணாகிறது. "பாளையங்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை எங்கே இருக்கிறது?" என்று பெரிய எழுத்தில் தலைப்பு வைத்து, கீழே கடை முகவரியை எழுதி வைக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் போனில் ஒருவர் 'பக்கத்துல' என்று கேட்டவுடன் கூகுள் முதலில் காட்டுவது வரைபடத்தையும், அதன் கீழே இரண்டு மூன்று கடைகளையும்தான். அந்தக் கடைகள், கடைக்காரர் கூகுள் வரைபடத்தில் தன் கடையைப் பதிந்துவைக்கும் வணிகப் பதிவிலிருந்து வருகின்றன, நம் பக்கத்தின் தலைப்பிலிருந்து அல்ல. அவற்றை வரிசைப்படுத்த மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது: கேட்டதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. தூரம் என்பது கேட்பவரின் போன் நிற்கும் இடத்திலிருந்து அளக்கப்படுகிறது. தலைப்பில் 'பக்கத்துல' என்று பத்து முறை எழுதினாலும் கடை ஓர் அடிகூடப் பக்கத்தில் வராது.

அதனால் 'எங்க இருக்கு', 'இப்ப தொறந்திருக்கா', 'போன் நம்பர் என்ன' ஆகிய மூன்றுக்கும் கேள்வித் தலைப்பு எழுத வேண்டாம் என்பது என் முடிவு. அந்த நேரத்தை வணிகப் பதிவில் செலவிடுங்கள். அங்கே முக்கியமானது கடையின் வகை, வரைபடக் குறி, நேரம். வகையைப் பொதுவாக 'எலக்ட்ரிக்கல் கடை' என்று போட்டால் பல்பு, ஒயர் விற்கும் கடைகளோடு போட்டி போட வேண்டியிருக்கும். பட்டியலில் மோட்டார் பழுதுபார்ப்புக்கு நெருங்கிய வகை எது இருக்கிறதோ அதையே முதல் வகையாக வைக்க வேண்டும்.

வரைபடக் குறியில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நடுவே தாமிரபரணி ஓடுகிறது. ஜங்ஷனும் டவுனும் ஒரு கரை, பாளையும் வண்ணார்பேட்டையும் மறு கரை. முகவரியில் வெறுமனே 'திருநெல்வேலி' என்று போட்டுவிட்டால் குறி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிடலாம். சமாதானபுரத்தில் நின்று கேட்பவருக்குத் தூரம் கூடுதலாகக் காட்டும், கடை கீழே போய்விடும். கடை வாசலில் நின்றுகொண்டு குறியை விரலால் இழுத்துச் சரியான இடத்தில் வைத்துவிட்டு, முகவரியில் பாளையங்கோட்டையையும் பின்கோடையும் தெளிவாக எழுதுங்கள்.

நேரத்தையும் உள்ளபடி போட வேண்டும். மதியம் ஒன்றரைக்குச் சாத்திவிட்டு மூன்றரைக்குத் திறக்கும் கடை என்றால் காலை, மாலை என்று இரண்டு பகுதியாகப் போட இடமிருக்கிறது. ஆனித் தேரோட்ட நாளில் கடை கிடையாது என்றால் அதையும் சிறப்பு நாளாகக் குறிக்கலாம். 'இப்ப தொறந்திருக்கா' என்ற கேள்விக்கு அங்கிருந்துதான் பதில் போகிறது.

இன்னொன்று. கடைப் பெயரோடு 'சிறந்த மோட்டார் வைண்டிங் பாளையங்கோட்டை' என்றெல்லாம் சேர்த்துப் பதிவு செய்யச் சொல்லும் ஆட்கள் உண்டு. பலகையில் இருக்கும் பெயர்தான் பதிவிலும் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. மீறினால் பதிவையே நிறுத்திவைப்பார்கள், அந்தக் கடை வரைபடத்தில் இல்லாமலே போய்விடும்.

அப்படியானால் பக்கத்தில் என்ன கேள்வி?

வரைபடத்தால் சொல்ல முடியாததை. வீட்டில் மோட்டார் நின்றுபோனவர் எடுத்தவுடன் கடையைத் தேடுவதில்லை. முதலில் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறார். "அண்ணாச்சி, மோட்டார் உறுமுது, ஆனா சுத்தமாட்டேங்கு. காயில் போயிருக்குமா? ஆள் அனுப்புவியளா?" என்று கடைக்குப் போன் வருகிறது பாருங்கள், அதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டும் தலைப்பாகலாம். போனை எடுக்கும் இடத்தில் ஒரு நோட்டு வைத்து, கேட்பவரின் முதல் வாக்கியத்தை மட்டும் அவர் சொன்னபடியே எழுதி வந்தால் போதும். கொஞ்ச நாளில் அதே ஐந்தாறு கேள்விகள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். நாமே உட்கார்ந்து யோசித்து எழுதும் கேள்விகளைவிட அவை நூறு மடங்கு மேல். 'உங்கள் சேவையின் சிறப்பம்சங்கள் என்ன?' என்று எந்த வாடிக்கையாளரும் வாய் திறந்து கேட்டதில்லை.

எந்தத் தமிழ்?

இங்கே மூன்று வழிகள். உறுமும் மோட்டாரையே எடுத்துக்கொள்வோம்.

முதல் வழி, பெயர்ப்பலகைத் தமிழ்: 'மின் மோட்டார் பழுதுகளும் தீர்வுகளும்'. இதில் கேள்வியே இல்லை. உறுமுவதும் இல்லை, காயிலும் இல்லை. கேட்டவர் சொன்ன சொல் ஒன்றுகூட உள்ளே இல்லாதபோது இரண்டையும் பொருத்திப் பார்க்க எதுவும் கிடைக்காது.

இரண்டாவது வழி, அச்சு அசலாக நெல்லைப் பேச்சு: 'மோட்டரு உறுமுது, சுத்தமாட்டேங்கு, காயில் போச்சா?' எனக்கு இது பிடிக்கும், படித்தால் நம் ஆள் குரல் கேட்கும். ஆனால் தலைப்புக்கு எடுக்க மாட்டேன். 'மாட்டேங்கு' என்பதைப் பேசினால் போன் அதை எப்படி எழுதிக்கொள்ளும் என்பது நிச்சயமில்லை. இதை யாரும் தன் போனிலேயே பார்க்கலாம். மைக்கை அழுத்தி, வீட்டில் பேசுவதுபோல அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, தேடல் பெட்டியில் என்ன எழுத்து விழுகிறது என்று பாருங்கள். அப்புறம் வீட்டில் உள்ள வேறு இரண்டு பேரைச் சொல்லச் சொல்லுங்கள். வினை முடிவுகள் ஆளுக்கு ஒரு மாதிரி விழும். 'மோட்டார்', 'காயில்', 'தண்ணி' போன்ற சொற்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அம்பாசமுத்திரத்துக்காரர் ஒரு விதமாகச் சொல்வார், நாகர்கோவிலிலிருந்து பாளைக்கு வேலைக்கு வந்தவர் வேறு விதமாகச் சொல்வார்.

மூன்றாவது வழி, நடுத் தமிழ்: 'மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை: காயில் போய்விட்டதா?' வினை எழுத்துத் தமிழில் இருக்கிறது, பொருட்களின் பெயர் கடையில் புழங்கும் பெயராகவே இருக்கிறது. நான் எடுப்பது இதைத்தான். 'சுத்தல', 'சுத்தமாட்டேங்குது', 'சுற்றவில்லை' மூன்றும் ஒன்று என்பதைத் தேடுபொறி ஓரளவு கண்டுகொள்ளும். ஆனால் காயில் என்ற இடத்தில் கம்பிச்சுருள் என்றும், கெப்பாசிட்டர் என்ற இடத்தில் மின்தேக்கி என்றும் எழுதிவிட்டு வாடிக்கையாளர் வருவார் என்று காத்திருக்க முடியாது. போன் பதிலை வாய்விட்டு வாசிக்கும் நேரங்களிலும் இந்த நடைதான் தடங்கல் இல்லாமல் வரும். பாதிப் பேச்சு, பாதி எழுத்து என்று குழப்பி எழுதியதை இயந்திரக் குரல் கண்ட இடத்தில் வெட்டி வாசிக்கும்.

போனின் பேச்சு மொழி ஆங்கிலத்தில் இருப்பவர்கள் தமிழ் வாடையோடு `motor winding shop near me` என்று கேட்பதும் உண்டு. அது 'எங்க' வகைக் கேள்விதான், வரைபடம் பார்த்துக்கொள்ளும். வணிகப் பதிவின் விவரக் குறிப்பில் 750 எழுத்துகள் வரை எழுத இடம் உண்டு. வருகிறவர் இரண்டு மொழியிலும் படித்துப் புரிந்துகொள்ளும்படி அங்கே எழுதிவிட்டால் போதும்.

ஊர்ப் பெயரில் மட்டும் ஓர் எச்சரிக்கை. நமக்கு 'டவுன்' என்றால் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய டவுன்தான், வேறு அர்த்தமே கிடையாது. தேடுபொறிக்கு அப்படி இல்லை. 'டவுனுக்கு வந்து பார்ப்பீர்களா?' என்று தலைப்பு வைத்தால் அது எந்த ஊரின் டவுன் என்று அதற்குத் தெரியாது. 'திருநெல்வேலி டவுன்', 'திருநெல்வேலி ஜங்ஷன்' என்று முழுதாக எழுத வேண்டும். பாளை என்பதையும் ஒரு முறையாவது பாளையங்கோட்டை என்று விரித்துவிடுங்கள்.

பதில்: சின்னதா, பெரியதா?

பெரும்பாலான பக்கங்கள் கோட்டைவிடுவது இங்கேதான். உறுமும் மோட்டாருக்கு வழக்கமாக எழுதப்படும் பதில் இப்படி இருக்கும்:

"இன்றைய நவீன வாழ்க்கையில் மின் மோட்டார் இன்றியமையாத சாதனமாகும். மோட்டாரில் பல்வேறு காரணங்களால் பழுதுகள் ஏற்படலாம். எங்கள் நிறுவனம் பல ஆண்டு அனுபவம் வாய்ந்த நிபுணர்களைக் கொண்டு..."

மூன்று வாக்கியம் போயும் காயில் போயிற்றா இல்லையா என்பது தெரியவில்லை. அதற்குள் அந்த வீட்டில் ஒருவர் ஸ்விட்சை நாலு முறை போட்டுப் பார்த்து, நல்லா இருந்த காயிலையும் கருக்கியிருப்பார்.

அதே கேள்விக்கு நான் எழுதுவது:

"பெரும்பாலும் காயில் போயிருக்காது. ஒரு பேஸ் மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம், அல்லது பேரிங்கோ உள்ளே இருக்கும் விசிறியோ இறுகியிருக்கலாம். உடனே ஸ்விட்சை அணையுங்கள், உறுமவிட்டால் காயில் கருகிவிடும்."

இதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், நிதானமாகப் படித்தாலும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் வாக்கியமே பதில், இரண்டாவது காரணம், மூன்றாவது இப்போதே செய்ய வேண்டியது. ஆங்கிலத்தில் 2018-ல் ஸ்மார்ட் ஸ்பீக்கர் பதில்களைத் திரட்டிப் பார்த்த ஓர் ஆய்வில் சராசரி 29 சொற்கள் என்று வந்தது. அந்த எண்ணை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. நம் ஒரு சொல்லில் அவர்களுடைய இரண்டு மூன்று சொற்கள் அடங்கிவிடும். சொல் எண்ணுவதை விட்டுவிட்டு, இரண்டு மூன்று சிறு வாக்கியத்தில் முடிகிறதா, அவை தனியே எடுத்தாலும் புரிகிறதா என்று பார்த்தால் போதும்.

தனியே புரிவது முக்கியம். 'ஆள் அனுப்புவீர்களா?' என்ற தலைப்பின் கீழ் 'ஆமாம், கட்டாயம் வருவோம்' என்று எழுதியிருந்தால், தலைப்பிலிருந்து பிரித்து அந்த வரியை மட்டும் காட்டும்போது அதில் ஒன்றுமே இல்லை. 'போர் மோட்டார் தூக்கிப் பார்க்கப் பாளையங்கோட்டை, திருநெல்வேலி டவுன், மேலப்பாளையம் பகுதிகளுக்கு ஆள் அனுப்புகிறோம். வீட்டு மோட்டாரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தால் செலவு குறையும்' என்று எழுதினால் அது எங்கே நின்றாலும் பதில். 'கீழே உள்ள படத்தைப் பாருங்கள்', 'மேலே சொன்னதுபோல' என்பவை கேட்பவருக்கு உதவாது. '1/2 HP' என்று போட்டால் குரல் எப்படி வாசிக்கும் என்று சொல்ல முடியாது, அதற்கு 'அரை எச்பி' என்று எழுதுவதே மேல்.

இதனால் சின்னப் பதிலோடு நிறுத்திவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். சின்னது மட்டும் உள்ள பக்கம், பெரியது மட்டும் உள்ள பக்கம், சின்னதைத் தொடர்ந்து விளக்கம் உள்ள பக்கம் என்று மூன்றையும் வைத்துப் பார்த்தால் நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன். தமிழில் கேட்பவருக்குப் போன் எல்லா நேரமும் பதிலை வாசித்துக் காட்டுவதில்லை, பல நேரம் திரையில் பக்கங்களைத்தான் காட்டுகிறது. உள்ளே வந்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தேடுவார். கருகல் வாடை அடித்தால், டிரிப்பர் விழுந்துகொண்டே இருந்தால் காயிலைச் சந்தேகிக்கலாம். ரொம்ப நாள் ஓடாமல் கிடந்த மோட்டார் என்றால் துரு பிடித்து இறுகியிருக்கலாம். லைனில் வோல்டேஜ் குறைந்தாலும் உறுமும், அப்படியானால் மாலையில் நின்ற மோட்டார் ராத்திரி ஓடிவிடும். நன்றாகச் சுற்றுகிறது, தண்ணீர்தான் வரவில்லை என்றால் அது வேறு கதை: புட்வால்வு கசிந்து காற்று பிடித்திருக்கலாம், கிணற்றில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். கெப்பாசிட்டரில் ஸ்விட்சை அணைத்த பின்னும் மின்சாரம் தங்கியிருக்கும், கழற்றிப் பார்க்கிறேன் என்று கையை வைக்கக் கூடாது. இவ்வளவையும் சின்னப் பதிலுக்குக் கீழே எழுதலாம். 'நன்றாகச் சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை' என்பதைத் தனிக் கேள்வியாகவே வைக்கலாம், அப்படிக் கேட்பவர்களும் நிறைய.

விலைக் கேள்விதான் கடைக்காரர்கள் தயங்கும் இடம். 'ஒரு எச்பி மோட்டாருக்குக் காயில் கட்ட எவ்வளவு?' என்று எல்லாரும் கேட்கிறார்கள், எழுதிவைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. 'விலைக்கு அழைக்கவும்' என்று மட்டும் எழுதுவது பதிலே இல்லை. ஒரே எண்ணை எழுதினால் செம்புக் கம்பி விலை ஏறும்போது வாசலில் வாக்குவாதம் வரும். இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது: இன்ன தொகையிலிருந்து இன்ன தொகை வரை என்று எழுதி, எந்த மாதத்து விலை என்று சேர்த்துவிட்டு, எதனால் மாறும் என்பதையும் சொல்லிவிடுவது. எத்தனை எச்பி, செம்புக் கம்பியா அலுமினியமா, பேரிங்கும் மாற்ற வேண்டுமா என்ற மூன்றைச் சொன்னாலே கேட்பவருக்கு நம்பிக்கை வந்துவிடும். இப்படி எழுதினால் மாதம் ஒரு முறை திருத்தியே ஆக வேண்டும். முடியாது என்றால் தொகையை விட்டுவிட்டு, எதனால் மாறும் என்பதை மட்டும் எழுதுங்கள். பழைய விலை பக்கத்தில் கிடப்பதைவிட அது நல்லது.

எத்தனை நாள் ஆகும் என்பதற்கும் அப்படித்தான். பழைய கம்பியை உருவி, சுத்தம் செய்து, இன்சுலேஷன் தாள் வைத்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவிட வேண்டும். காய்வதை அவசரப்படுத்தினால் காயில் நிலைக்காது. 'வார்னிஷ் காய வேண்டும், அதனால் காலையில் கொடுத்தால் மறுநாள் மாலை' என்று காரணத்தோடு எழுதினால், 'இன்னைக்கே வேணும்' என்று வரும் போன்கள் குறையும்.

ஒரே பக்கமா, கேள்விக்கு ஒரு பக்கமா?

ஐந்தாறு கேள்விகளை ஒரே பக்கத்தில் வைப்பதே சின்னக் கடைக்குச் சரி. எழுத நிறைய இருக்கும் கேள்விக்கு, நம் கதையில் உறுமும் மோட்டாருக்கு, தனிப் பக்கம் கொடுக்கலாம். கூடாதது எதுவென்றால், ஒரே பதிலை வைத்துக்கொண்டு 'சேரன்மகாதேவியில் மோட்டார் ரிப்பேர்', 'வள்ளியூரில் மோட்டார் ரிப்பேர்', 'நாங்குநேரியில் மோட்டார் ரிப்பேர்' என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் பக்கங்களை அடுக்குவது. கூகுளின் ஸ்பேம் விதிகளில் இது நேரடியாகவே தடுக்கப்பட்டிருக்கிறது. சேரன்மகாதேவிக்கு உண்மையிலேயே ஆள் போகிறார் என்றால், எந்த நாளில், என்ன கூடுதல் செலவில் என்று பதிலுக்குள் ஒரு வரி எழுதினால் போதும்.

பேச்சுத் தேடலுக்கென்று தனிக் கோட் எழுதித் தருகிறோம் என்று காசு கேட்பவர்களும் வருவார்கள். கேள்வி-பதில் பக்கங்களுக்கான `FAQPage` குறியை வைத்துத் தேடல் பக்கத்திலேயே கேள்விகளை விரித்துக் காட்டுவதை, 2023 ஆகஸ்டில் கூகுள் அரசு, மருத்துவத் தளங்கள் போன்ற சிலவற்றோடு நிறுத்திக்கொண்டது. வாய்விட்டு வாசிக்க வேண்டிய பகுதியைக் காட்டும் `speakable` என்ற குறி ஆங்கிலச் செய்தித் தளங்களுக்காகச் சோதனை நிலையில் விடப்பட்டது. பாளை மோட்டார் கடைக்கு இரண்டாலும் வரும்படி இல்லை. தலைப்பைத் தலைப்பாகவும் பதிலை அதற்கு அடுத்த பத்தியாகவும் வைத்தால் போதும்:

```html
<html lang="ta">
<h2>மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை: காயில் போய்விட்டதா?</h2>
<p>பெரும்பாலும் காயில் போயிருக்காது. ...</p>
```

தலைப்புக்கும் பதிலுக்கும் நடுவில் படம், விளம்பரம், 'வாட்ஸ்அப்பில் பேசுங்கள்' பொத்தான் எதையும் நுழைக்காதீர்கள்.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

தளக்காரருக்குத் தேடல் கணக்கைக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் என்ன சொல்லித் தேடினார்கள் என்பது தெரியும், ஆனால் பேசித் தேடியதா டைப் அடித்ததா என்று பிரித்துக் காட்டாது. மிகச் சிலர் மட்டும் கேட்ட வாக்கியங்களையும் அது மறைத்துவிடும். பேச்சுத் தேடலில் வாக்கியங்கள் நீளமாகவும் ஆளுக்கு ஒரு மாதிரியாகவும் இருப்பதால், பெரும்பகுதி அந்த மறைவில் போய்விடும். வணிகப் பதிவில் எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்பது கிடைக்கும். 'எங்க' வகைக்கு அதைப் பார்த்தால் போதும்.

பக்கத்துக்கு நான் நம்புவது போன் பக்கத்தில் வைத்த அதே நோட்டைத்தான். "மோட்டார் உறுமுது, என்னன்னு பாருங்க" என்று வந்துகொண்டிருந்த போன்கள், "கெப்பாசிட்டரா இருக்கும்னு போட்டிருந்தியளே, ஒண்ணு மாத்த எவ்வளவு ஆகும்?" என்று வரத் தொடங்கினால் பதிலைப் படித்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். அந்தப் புதுக் கேள்வியையும் அடுத்த தலைப்பாக எடுத்துக்கொள்ளலாம். பக்கம் வைத்து மூன்று நான்கு மாதமாகியும் அப்படி ஒரு போன்கூட வரவில்லை என்றால், முதலில் தலைப்பை நோட்டில் உள்ள வாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாமாகக் கற்பனை செய்த கேள்வி ஏதாவது அதில் உட்கார்ந்திருக்கும்.

எல்லாக் கடைக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. பாளை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி பக்கத்தில் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் மெடிக்கல் ஷாப்புக்குக் கேள்வித் தலைப்பு ஒன்றுகூட வேண்டாம். நடுராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர் கேட்பது 'இப்ப எது தொறந்திருக்கு' என்பதை மட்டும்தான். அந்தக் கடை 24 மணி நேரம் என்று பதிவில் சரியாகப் போட்டு, போனை எடுக்க ஆள் வைத்தால் முடிந்தது. கல்யாண மண்டபத்துக்கு நேர் எதிர். எத்தனை பேர் உட்காரலாம், வெளியிலிருந்து சமையல்காரரைக் கூட்டிவரலாமா, முந்தின நாள் சாயங்காலம் எத்தனை மணிக்குச் சாவி கிடைக்கும், ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு என்று கேள்விகள் ஏராளம். அவர்கள் தேதிக்குப் பல மாதம் முன்பே தேடுகிறார்கள், தூரம் பெரிதாகப் பார்ப்பதில்லை. அங்கே வணிகப் பதிவைவிடக் கேள்வி-பதில் பக்கத்துக்கே முதல் உழைப்பு போக வேண்டும்.